ஐந்தாவது வார்ப்பு எது? பில்டரின் நினைவூட்டலும் கட்ட வேண்டிய பாக்கியும்

கேள்வி: "சார், நாகர்கோவில் பார்வதிபுரம் பக்கம் ஒரு ஃபிளாட் புக் பண்ணியிருக்கோம். கீழே கார் பார்க்கிங், மேலே ஐந்து மாடி. பார்க்கிங் சேர்த்து மொத்தம் 42 லட்சம், கார்பெட் ஏரியா 780 சதுர அடி. வங்கிக் கடன் 32 லட்சம். இதுவரை 60 சதவீதம் கட்டியாச்சு. இப்போ பில்டர்கிட்டே இருந்து வாட்ஸ்அப்பில் நினைவூட்டல் வந்திருக்கு. ஐந்தாவது மேல்தள கான்கிரீட் முடிந்தது, 10 சதவீதம் 4,20,000 ரூபாய், ஜிஎஸ்டி 21,000, ஏற்கெனவே 24 நாள் தாமதம், ஏழு நாளில் கட்டாவிட்டால் 18 சதவீத வட்டி, ஒதுக்கீடு ரத்து என்று எழுதியிருக்காங்க. போய்ப் பார்த்தேன், மேலே விடவில்லை. ரோட்டில் நின்று பார்த்தால் மூன்று மாடிதான் முடிஞ்ச மாதிரி தெரியுது. நாலாவது மாடி முழுக்க முட்டு. வங்கியிலோ முழுசா தர முடியாதுங்கிறாங்க. இவர் மஸ்கட்டில் இருக்கார். கட்டணுமா, வேண்டாமா?"

வாசகி, தக்கலை

பதில்: வங்கிகளுக்காகக் கட்டட மதிப்பீடு செய்யும் சிவில் பொறியாளர், நாகர்கோவில்

முதலில் எண்ணிக்கையைச் சரி செய்துகொள்வோம். நீங்கள் மாடியை எண்ணியிருக்கிறீர்கள். பில்டர் வார்ப்பை எண்ணுகிறார். கார் பார்க்கிங்குக்கு மேலே போட்ட தளம்தான் முதல் வார்ப்பு. அதன்மேல்தான் உங்கள் முதல் மாடியே நிற்கிறது. முதல் மாடியின் கூரை இரண்டாவது, இரண்டாம் மாடியின் கூரை மூன்றாவது. இப்படியே போனால் நாலாவது மாடியின் கூரைதான் ஐந்தாவது வார்ப்பு. நீங்கள் ரோட்டில் நின்று பார்த்த அந்த முட்டுக் காட்டுக்கு மேலே இருப்பதுதான் அது. மொட்டைமாடித் தளம் ஆறாவதாக வரும். ஒப்பந்தத்தில் பணம் கட்டும் அட்டவணை உள்ள பக்கத்தை எடுத்துப் படியுங்கள். "ஐந்தாவது மேல்தளம்" என்றோ "5-வது ஸ்லாப்" என்றோ இருந்தால் பில்டரின் எண்ணிக்கை சரி. "ஐந்தாம் மாடியின் மேல்தளம்" என்று இருந்தால் உங்கள் எண்ணிக்கை சரி, அந்தத் தவணைக்கு இன்னும் நாள் இருக்கிறது. எனக்கு வரும் இத்தகைய புகார்களில் பலவும் இந்த ஒரு சொல்லில் தொடங்கியவைதான்.

உங்கள் நினைவூட்டலில் இருப்பது முதல் வகை. ஒப்பந்தத்திலும் அப்படியே இருந்தால் எண்ணிக்கையில் பில்டரைக் குறை சொல்ல முடியாது. வார்த்தாகிவிட்டதா என்பதுதான் அடுத்த கேள்வி. கீழே முட்டு நிற்பதை வைத்து வார்க்கவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். கான்கிரீட் போட்ட மறுநாளே முட்டை எடுத்துவிட முடியாது. நம் நாட்டுத் தரவிதியான ஐ.எஸ். 456-இன்படி சாதாரண சிமெண்டில் போட்ட தளத்துக்கு, இடைவெளி நாலரை மீட்டர் வரை என்றால் ஏழு நாள் முட்டு நிற்க வேண்டும். அதற்கு மேல் என்றால் 14 நாள். உத்தரத்துக்கு ஆறு மீட்டர் வரை 14 நாள், அதைத் தாண்டினால் 21 நாள். மேலே அடுத்த தளத்துக்குத் தட்டு அடிக்கும் எடை வேறு இறங்கும் என்பதால், கீழே இன்னும் சில நாள் முட்டை விட்டுவைப்பதே நல்ல மேஸ்திரியின் வேலை. ஆக, முட்டு நிற்பது வார்த்ததற்கும் வார்க்காததற்கும் பொதுவான காட்சி.

வித்தியாசம் மேலிருந்து பார்த்தால்தான் தெரியும். வார்க்காத தளத்தில் பலகையோ தகடோ விரித்து, அதன்மேல் கம்பி கட்டி, கம்பிக்கு அடியில் கவர் பிளாக் என்கிற சின்னக் கட்டிகளை வைத்திருப்பார்கள். மின்சாரக் குழாய்கள் கம்பிக்கு நடுவே வெறுமையாகத் தெரியும். வார்த்த தளத்தில் சிமெண்ட் கலவையால் சின்னச் சின்ன வரப்பு கட்டி, வயல்போலத் தண்ணீர் நிறுத்தியிருப்பார்கள். தூண் வரும் இடங்களில் மட்டும் அடுத்த மாடிக்கான கம்பி கொத்தாக நிமிர்ந்து நிற்கும். பக்கத்துக் கட்டட மொட்டைமாடியிலிருந்து பார்த்தாலே இது புரிந்துவிடும். வேலை நடக்கும் இடத்தில் பாதுகாப்புக்காக மேலே விடாமல் இருப்பது நியாயம்தான். ஆனால் உங்கள் ஃபிளாட் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் உரிமையை ரியல் எஸ்டேட் சட்டத்தின் 19-வது பிரிவு வாங்குபவருக்குத் தந்திருக்கிறது. எனவே முன்கூட்டி நேரம் கேட்டு, சைட் என்ஜினீயருடன் ஏறிப் பாருங்கள்.

வார்த்த தேதியும் உங்களுக்கு வேண்டும். அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. ஒவ்வொரு வார்ப்பின்போதும் அதே கலவையில் 15 சென்டிமீட்டர் கனசதுரக் கட்டிகள் சில போட்டு வைப்பார்கள். அவற்றை ஆய்வுக்கூடத்தில் நசுக்கிப் பார்ப்பார்கள், பெரும்பாலும் ஏழாம் நாளும் 28-ஆம் நாளும். அந்த அறிக்கையில் எந்தத் தளத்துக் கலவை, எந்தத் தேதியில் வார்த்தது என்று எழுதியிருக்கும். ரெடிமிக்ஸ் லாரியில் வந்த கான்கிரீட் என்றால் ஒவ்வொரு வண்டிக்கும் தேதியும் நேரமும் போட்ட டெலிவரி சீட்டு உண்டு. போட்டோவை விட இவற்றை நம்பலாம். சில வருடம் முன்பு நாகர்கோவிலை ஒட்டிய ஒரு திட்டத்தில் நான் மதிப்பீட்டுக்குப் போனேன். வளைகுடாவில் இருந்த ஒருவர், பில்டர் அனுப்பிய வார்ப்பு போட்டோவைப் பார்த்துவிட்டுத் தன் சொந்தப் பணத்தைக் கட்டியிருந்தார். போட்டோவில் இருந்தது ஏ பிளாக். அவர் வாங்கியது பி பிளாக். அங்கே நான் போன அன்று மூன்றாவது தளத்துக்குத் தட்டுகூட அடித்து முடியவில்லை. கம்பிக் கட்டுகள் மழையில் நனைந்து பழுப்பேறிக் கிடந்தன. பில்டர் வேண்டுமென்றே செய்தாரா, அலுவலகத்துப் பையன் படத்தை மாற்றி அனுப்பினானா என்பது எனக்குத் தெரியாது. பணம் போனது போனதுதான்.

தேதி ஏன் முக்கியம் என்பதற்கு உங்கள் கணக்கையே போட்டுப் பார்ப்போம். பணம் கேட்டு முதல் கடிதம் 3-ஆம் தேதி எழுதப்பட்டது, ஒப்பந்தப்படி 15 நாள் அவகாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கெடு 18-ஆம் தேதி. அடுத்த மாதம் 12-ஆம் தேதி நினைவூட்டல் வந்தால், 30 நாள் மாதக் கணக்கில் 24 நாள் தாமதம் என்று அவர்கள் எழுதியது சரியாக வரும். ஆனால் ஆய்வுக்கூட அறிக்கையில் வார்த்த தேதி 14 என்று இருந்தால்? 3-ஆம் தேதி அந்தக் கட்டமே வரவில்லை. நம் மாவட்டத்தில் ஆனி, ஆடியிலும் மழை, ஐப்பசி, கார்த்திகையிலும் மழை. நாள் குறித்த வார்ப்பு பத்து நாள் தள்ளிப்போவது புதிதல்ல. கடிதம் மட்டும் பழைய திட்டப்படி கம்ப்யூட்டரிலிருந்து போய்விடும். வார்த்த நாளிலிருந்து 15 நாள் எண்ணினால் கெடு 29. தாமதம் 13 நாள்.

அந்த 13 நாளுக்கும் 18 சதவீத வட்டியா? ஒப்பந்தத்தில் என்ன போட்டிருந்தாலும், வாங்குபவர் தாமதித்தாலும் பில்டர் தாமதித்தாலும் ஒரே வட்டிதான் என்கிறது சட்டம். தமிழ்நாட்டு விதிப்படி அது, பாரத ஸ்டேட் வங்கி கடன் வட்டிக்கு அடிப்படையாக வைக்கும் எம்சிஎல்ஆர் விகிதத்தின் உச்சத்துடன் இரண்டு சதவீதம். அன்றைய விகிதத்தை வங்கியின் இணையதளத்தில் பார்க்கலாம். இப்போதைக்குக் கூட்டினால் 11 சதவீதம் என்று எடுத்துக்கொண்டால், 4,20,000 ரூபாய்க்கு 13 நாள் வட்டி சுமார் 1,645 ரூபாய். அவர்கள் கணக்கில், அதாவது 18 சதவீதத்தில் 24 நாளுக்கு, சுமார் 4,970 வரும். பெரிய தொகை இல்லை, உண்மைதான். ஆனால் இதை இப்போது பேசாமல் விட்டால், சாவி வாங்கும் நாளில் எல்லாத் தவணைக்கும் சேர்த்து ஒரு வட்டித் தாள் நீட்டுவார்கள்.

முதல் கடிதம் எங்கே போனது என்பதையும் பாருங்கள். ஃபிளாட் இரண்டு பேர் பெயரில் இருந்தால், முதல் பெயருக்கு அனுப்பியதே இருவருக்கும் அனுப்பியதாகக் கருதப்படும் என்ற வரி பெரும்பாலான ஒப்பந்தங்களில் உண்டு. முதல் பெயர் உங்கள் கணவருடையது என்றால், கடிதம் அவருடைய மின்னஞ்சலில் விளம்பரங்களுக்கு நடுவே கிடக்கலாம். "எனக்கு வரவே இல்லை" என்று சண்டை போடுவதற்கு முன் அவரை ஒருமுறை தேடிப் பார்க்கச் சொல்லுங்கள்.

இனி வங்கி. நீங்கள் அதிகம் குழம்பியிருப்பது இங்கேதான் என்று நினைக்கிறேன். வங்கிக்காரர் உங்களை அலைக்கழிக்கவில்லை. பில்டரின் அட்டவணை ஒரு கணக்கு, வங்கியின் மதிப்பீடு வேறு கணக்கு. உங்கள் அட்டவணையில் ஐந்தாவது வார்ப்போடு 70 சதவீதம், அதாவது 29,40,000 ரூபாய் போய்ச்சேர வேண்டும். இதுவரை போனது 25,20,000. என்னைப் போன்ற ஒருவர் வங்கிக்காகப் போய்ப் பார்க்கும்போது, வார்ப்பு எண்ணிக்கையை மட்டும் எழுத மாட்டார். நிலத்தின் பிரிபடாத பாகத்துக்கு எவ்வளவு, கட்டுமானத்துக்கு எவ்வளவு, கட்டுமானத்தில் எத்தனை சதவீதம் தரையில் நிற்கிறது என்று பிரித்து எழுதுவார்.

உதாரணத்துக்கு 42 லட்சத்தில் நிலப் பங்கு 12 லட்சம், கட்டுமானம் 30 லட்சம் என்று கொள்வோம். ஆறில் ஐந்து வார்ப்பு முடிந்து, சுவர் கட்ட ஆரம்பிக்காத கட்டடத்தை நான் கட்டுமானத்தில் பாதி என்று மதிப்பிடுவேன். பூச்சு, தரை, கதவு ஜன்னல், குழாய், வயரிங், லிஃப்ட், பெயிண்ட் எல்லாம் சேர்ந்து அவ்வளவு தின்னும். அப்படியானால் 12 லட்சமும் 15 லட்சமும் சேர்ந்து 27 லட்சம். ஏற்கெனவே 25,20,000 போயிருப்பதால், வங்கி இப்போது விடக்கூடியது 1,80,000 மட்டும். பில்டர் கேட்பது 4,20,000. நடுவில் 2,40,000 தொங்குகிறது. "முழுசா தர முடியாது" என்று வங்கியில் சொன்னதற்கு இதுதான் அர்த்தமாக இருக்க வேண்டும்.

இந்தப் பள்ளத்தை நிரப்ப முதலில் கேட்க வேண்டியது: இந்தத் திட்டம் உங்கள் வங்கி ஏற்கெனவே பரிசீலித்து ஒப்புதல் கொடுத்த பட்டியலில் இருக்கிறதா? இருந்தால், கட்டம் முடிந்ததைப் பொறியாளர் உறுதி செய்தவுடன் ஒப்பந்த அட்டவணைப்படியே விடுவதுதான் பெரும்பாலும் வழக்கம். கிளையில் புதிதாக வந்தவருக்கு அது தெரியாமலும் இருக்கலாம். பட்டியலில் இல்லை என்றால், மதிப்பீட்டுக்கு வரும் பொறியாளர் கீழ்த்தளங்களையும் பார்க்கும்படி செய்யுங்கள். மேலே வார்ப்பு நடக்கும்போதே முதல் மாடியிலும் இரண்டாம் மாடியிலும் முட்டை எடுத்துவிட்டு செங்கல் வேலையோ பிளாக் வேலையோ தொடங்கியிருப்பார்கள். அவசரத்தில் வருகிற ஆள் வார்ப்பை மட்டும் எண்ணிவிட்டு இதை விட்டுவிடுவார். (எங்கள் ஆட்களைப் பற்றித்தான் சொல்கிறேன், நானும் செய்திருக்கிறேன்.) சுவர் வேலை பாதி மாடிகளில் ஏறியிருந்தால், என் கணக்கில் 50 என்பது 54, 55 ஆகும். 30 லட்சத்தில் ஐந்து சதவீதம் என்றால் ஒன்றரை லட்சம். பள்ளம் 90,000 ஆகச் சுருங்கிவிடும்.

அதற்கும் மேல் இடித்தால் கைப்பணம்தான். இப்போது நீங்கள் போடுவது கூடுதல் செலவு இல்லை. கடன் 32 லட்சம் அப்படியே இருக்கிறது, பின்னால் வரும் தவணைகளில் வங்கி அந்த அளவுக்குக் கூடுதலாகக் கொடுக்கும். இதை மட்டும் கிளையில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், பிறகு "நீங்களே கட்டிவிட்டீர்களே" என்று கடன் தொகையைக் குறைத்துவிடாதபடிக்கு. இன்னொன்று. வங்கி தாமதிக்கிறது என்பது பில்டரிடம் சொல்லக்கூடிய விளக்கம்தான். சட்டப்படி உங்கள் பொறுப்பு அதனால் நீங்காது. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது நீங்கள். கட்டம் வந்துவிட்டது உறுதியானால், பணம் கட்டியே ஆக வேண்டும்.

ஜிஎஸ்டி 21,000 என்பது ஐந்து சதவீதக் கணக்கு. 2019 ஏப்ரல் முதல், பெருநகரம் அல்லாத இடத்தில் கார்பெட் ஏரியா 90 சதுர மீட்டருக்குள்ளும் மொத்த விலை 45 லட்சத்துக்குள்ளும் இருந்தால், கட்டுமானத்தில் இருக்கும் ஃபிளாட்டுக்கு ஒரு சதவீதம்தான். உங்கள் 780 சதுர அடி 72 சதுர மீட்டர் சொச்சம். 42 லட்சம் என்பதும் உள்ளேதான். அப்படியானால் 21,000 இல்லை, 4,200. ஆனால் அந்த 45 லட்சத்தில் பார்க்கிங், பொது வசதிக் கட்டணம் என்று பில்டர் தனித்தனியாக வாங்குவதெல்லாம் சேரும். ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களில் வேறு கட்டணங்கள் ஒளிந்திருந்து மொத்தம் 45-ஐத் தாண்டினால் ஐந்து சதவீதம் சரியாகிவிடும். கூட்டிப் பாருங்கள். முந்தைய தவணைகளுக்கு எத்தனை சதவீதம் வாங்கியிருக்கிறார்கள் என்று பழைய ரசீதுகளிலும் பாருங்கள்.

கட்டும்போது எந்தக் கணக்குக்கு என்பதில் கவனம். வாங்குபவர்களிடம் பெறும் பணத்தில் 70 சதவீதத்தை அந்தத் திட்டத்துக்கென்று உள்ள தனி வங்கிக் கணக்கில் வைத்து, பொறியாளர், ஆர்க்கிடெக்ட், பட்டயக் கணக்காளர் சான்றோடு வேலை முன்னேறிய அளவுக்குத்தான் எடுக்க வேண்டும் என்பது சட்டம். உங்கள் ஒப்பந்தத்தில் அச்சான கணக்கு எண்ணும் நினைவூட்டலில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். வேறாக இருந்தால், அது வாட்ஸ்அப்பில் வந்தது என்பதால், பில்டரின் அலுவலகத்துக்கு நேரில் போய்க் கேட்காமல் ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள். பில்டர் பெயரில் வேறு யாராவது கணக்கை மாற்றி அனுப்பியிருக்கலாம். திட்டத்தின் பதிவு விவரங்களையும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை பில்டர் ஏற்ற வேண்டிய வேலை நிலவரத்தையும் rera.tn.gov.in தளத்தில் பதிவு எண்ணை வைத்துத் தேடலாம்.

ரத்து என்ற சொல்லுக்கு ரொம்பப் பயப்பட வேண்டாம். ஒப்பந்தத்தில் சொன்ன முறைப்படி மட்டுமே ஒதுக்கீட்டை ரத்து செய்யலாம் என்கிறது சட்டத்தின் 11-வது பிரிவு. முறை மீறி ரத்து செய்தால் நீங்கள் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்துக்குப் போகலாம். அதே சமயம் பேசாமல் இருந்துவிடவும் கூடாது. பதில் போடாத நினைவூட்டல்கள் நாளைக்கு உங்களுக்கு எதிராக அடுக்கிக் காட்டப்படும். இந்த வாரமே இப்படி ஒரு கடிதம் மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் போகட்டும்:

"ஐயா, தங்கள் நினைவூட்டல் கிடைத்தது. ஐந்தாவது மேல்தளம் வார்த்த தேதி, அதற்கான கான்கிரீட் கட்டி ஆய்வறிக்கை, திட்டப் பொறியாளரின் சான்று ஆகியவற்றை அனுப்பவும். எங்கள் வங்கியின் பொறியாளர் பார்வையிட ஒரு நாள் தரவும். வட்டியை, அந்த வார்த்த தேதியிலிருந்து ஒப்பந்த அவகாசம் முடிந்த பிறகான நாட்களுக்கு மட்டும், தமிழ்நாடு ரியல் எஸ்டேட் விதியில் உள்ள விகிதத்தில் கணக்கிட்டுத் தரவும். ஜிஎஸ்டி ஒரு சதவீதமா, ஐந்து சதவீதமா என்பதற்கு விளக்கம் தேவை. இதுவரை நாங்கள் செலுத்திய தொகைகளின் கணக்குப் பட்டியலும் அனுப்பவும். கட்டம் முடிந்தது உறுதியானதும் தொகையைச் செலுத்துவோம். ஒதுக்கீட்டை விட்டுக்கொடுக்கும் எண்ணம் எங்களுக்கு இல்லை."

கடைசி வரியை எடுத்துவிடாதீர்கள். கையெழுத்து உங்கள் கணவரும் போட வேண்டும். மஸ்கட்டிலிருந்து ஸ்கேன் செய்து அனுப்பினால் இந்தக் கடிதத்துக்குப் போதும்.

வங்கிப் பொறியாளர் எந்த நாள் வருகிறார் என்று தெரிந்ததும் நீங்களும் அதே நேரத்துக்குப் போய்விடுங்கள். ஒப்பந்தத்தின் அட்டவணைப் பக்கத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் ஐந்தாவது தளத்தைப் பார்த்துவிட்டு இறங்கும்போது, முதல் மாடிச் சுவரையும் காட்டி ஒரு போட்டோ எடுக்கச் சொல்லுங்கள்.